ஒரே சேலை, மூன்று பச்சை

என் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘திரைப்பட வண்ணக் கலைஞர்’ என்று அடிப்பித்தபோது, அதுவரை எத்தனை திரைப்படங்களுக்கு நிறம் திருத்தியிருக்கிறேன் என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து கலியாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். மாப்பிள்ளை தாலி கட்டும்போது பூமழை பொழிய வைப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் போதாது என்று தோன்றியதால் இரண்டு மாதம் இணையத்தில் நிறத்திருத்தப் பாடங்கள் பார்த்தேன். பாடம் நடத்தியவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். அவர்கள் எல்லோரும் சாம்பல் நிறச் சுவருள்ள அறையில் இருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. என் அறைச் சுவர் நல்ல வான்நீலம்.

அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு வந்தவர் அக்கராயனில் புவியியல் படிப்பிக்கும் ஒரு ஆசிரியர். ஊரெல்லாம் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடும். அவருடைய தாயும் தகப்பனும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்தின் கீழே காணி பெற்றுக் காடு வெட்டிக் குடியேறியவர்கள். தாய் சொன்ன ஒரு சம்பவத்தை அவர் பன்னிரண்டு நிமிடக் குறும்படமாக எழுதியிருந்தார்.

கதை இதுதான். குடியேறிய முதல் வருஷம். குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். வாய்க்கால் கரை உடைத்துக்கொள்கிறது. புருஷன் மண்ணை அள்ளி அள்ளிப் போடுகிறான், தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. மனைவியிடம் நல்லதென்று இருப்பது ஒரே ஒரு பச்சைச் சேலை, அவள் உடுத்திருப்பது. அதன் முந்தானைப் பக்கத்தைக் கிழித்து, களிமண்ணைப் பொதிந்து கட்டி உடைப்பில் அமுக்குகிறாள். தண்ணீர் நிற்கிறது. மிஞ்சிய பாதியைச் சுற்றிக்கொண்டு, பொங்கலுக்குக் கோயில் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புகிறாள்.

“இதில ஒரே ஒரு சீலைதான் கதை, பிள்ளை,” என்று சேர் சொன்னார். “அது விளங்கினால் படம் விளங்கும்.”

“எனக்கு விளங்கீட்டுது சேர்,” என்றேன்.

படத்துக்கு வாங்கியதும் ஒரே சேலைதான். பழைய காலத்துப் பருத்தி நெசவு போல் இரண்டாவது ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே கிழிக்கும் காட்சியை ஒரு தடவைதான் எடுக்கலாம். ஒரு தடவைக்குள் எல்லாக் கோணமும் வேண்டுமென்றால் மூன்று கமராக்கள் வேண்டும். ஒன்று என்னுடையது. இரண்டாவது, முல்லைத்தீவில் கலியாணங்களுக்குப் படமெடுக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இடம்பெயர்ந்து பல வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஸ்டூடியோ போட்டவர். மூன்றாவது, சேருக்குக் கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய போன்; அதைச் சேரே பிடித்தார்.

நடித்தவ கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. கோயில் திருவிழா நாடகங்களில் முன்பு நடித்திருக்கிறா. எடுத்த அன்று அவ அந்தச் சேலையைக் கிழித்த சத்தம் வாய்க்கால் கரையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. நானா கமராவை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, இதுக்கு நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல, அப்படியே போடலாம்,” என்றார். நான் விசிட்டிங் கார்டில் அடித்த கலைஞராக நின்று சிரித்தேன்.

மூன்று கமராக்களின் காட்சிகளையும் ஒரே வரிசையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

என் கமராவில் நான் ‘லொக்’ என்ற முறையில் எடுத்திருந்தேன். பின்னால் நிறம் திருத்த வசதியாக, வெளிச்சத்தையும் இருளையும் அமுக்கிப் பதிவுசெய்யும் முறை அது. திருத்தாமல் பார்த்தால் எல்லாமே கஞ்சித் தண்ணீர் குடித்ததுபோல் வெளிறியிருக்கும். நானாவின் கமரா கலியாணத்துக்கென்று அமைத்தபடியே இருந்தது. அதில் வாய்க்காலில் இறங்கி நின்ற குடியேற்றக்காரியின் கன்னங்கள் மணவறையில் இருப்பதுபோல் சிவந்திருந்தன. போன் தன் பாட்டில் யோசிக்கும் சாதனம். சேலையின் பச்சை திரையை நிறைத்தபோதெல்லாம், ‘பச்சை கூடிவிட்டது’ என்று அதுவாகவே முடிவெடுத்து, ஓடிக்கொண்டிருந்த காட்சியின் நடுவிலேயே எல்லாவற்றையும் ஊதா கலந்த சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தது. வானம் அதில் வெறும் வெள்ளை.

பாடங்களில் முதலாவதாகச் சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொரு கமராவையும் முதலில் பொது நிலைக்குக் கொண்டுவா, பிறகு ஒன்றோடொன்று பொருத்து, அலங்காரமெல்லாம் கடைசியில். எனக்கு அலங்காரத்தில்தான் அவசரம். என் லொக் காட்சிகளை விரிப்பதற்கென்றிருந்த தயார் அமைப்பை மூன்று கமராக் காட்சிகளுக்கும் ஒரே இழுவையில் போட்டேன். என்னுடையது உயிர்பெற்றது. ஏற்கெனவே உயிரோடிருந்த நானாவின் காட்சியோ இன்னும் விரிந்து, நிழலெல்லாம் கரியாகி, அக்காவின் முகம் செங்கல்லாகியது. ‘நானாவின் கமரா சரியில்லை’ என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையால் திருத்தத் தொடங்கினேன். பகலில் செய்தால் சரியாக வந்தது. பின்னேரம் தேநீர் குடித்துவிட்டு வந்து இருந்தால், எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நீலத்தைக் கூட்டிச் சரிசெய்வேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் நேற்றுப் பின்னேரம் செய்த காட்சிகள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். மஞ்சளைக் கூட்டுவேன். பின்னேரம் மறுபடி மஞ்சள். இப்படி ஒரு கிழமை முழுக்கப் பகல் நானும் பின்னேர நானும் மல்லுக்கட்டினோம்.

மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பக்கம் பக்கமாக அலைபோல் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. புருஷனாக நடித்தவரின் வெள்ளை வேட்டியில் மூன்று அலையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பின்னேரங்களில் என் கண்ணுக்கு வேட்டி வெள்ளையாக வந்ததும் வரைபடத்தைப் பார்ப்பேன். நீல அலை தென்னை உயரத்துக்கு எழும்பி நிற்கும். கண் ஒன்று சொல்கிறது, வரைபடம் ஒன்று சொல்கிறது. கலைஞருக்குக் கண்தான் முக்கியம் என்று முடிவெடுத்து வரைபடத்தை மூடிவிட்டேன்.

ஆனாலும் கண்ணில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போய்க் கண் வைத்தியரிடம் காட்டினேன்.

“பின்னேரத்தில எல்லாம் மஞ்சளாய்த் தெரியுது, டொக்டர்.”

அவர் லைட் அடித்துப் பார்த்தார், எழுத்து வாசிக்கச் சொன்னார், நிறப்புள்ளிகளுக்குள் இலக்கம் தேடச் சொன்னார். “உங்கட கண்ணில ஒரு குறையும் இல்லை,” என்றார். “வேற எங்கயாவது பிழை இருக்கும், பாருங்கோ.”

வைத்தியர் கவனமாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடைசியில், பொருந்தாத எல்லாவற்றையும் மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய காலக் கதைதானே, பழைய போட்டோ மாதிரி மண்ணிறத்தை முழுப்படத்துக்கும் மேலே பூசினேன். நீலம் பாரித்தது கொஞ்சம் சாம்பலானது, சிவந்தது கொஞ்சம் காவியானது. எனக்கு அது உலகத்தரமாகத் தெரிந்தது. சேருக்குப் போன் எடுத்து, “படம் முடிஞ்சுது சேர், ஆக்களைக் கூப்பிடுங்கோ,” என்றேன்.

சேர் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மண்டபத்து யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்துப் போட்டோம். அக்கராயன் ஆட்கள் ஒரு அறுபது பேர் வந்திருந்தார்கள். பலர் அந்தக் குடியேற்றக் குடும்பங்களின் பிள்ளைகள். நான் கறுப்புச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தேன்.

படம் முடிந்து வெளிச்சம் வந்தது. சேர் எழுந்து, “உங்கட கருத்துகளைச் சொல்லுங்கோ,” என்றார். பின்வரிசையில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் எழும்பினார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“சேர், அந்தப் பிள்ளை சீலையைக் கிழிச்சிட்டு அப்பிடி அழுகுது. ஆனா அதிட்ட மூண்டு சீலை இருக்கே? ஒரு பச்சை, ஒரு நீலப்பச்சை, பிறகு ஒரு மண்கலர். ஒண்டு போனால் மற்றதை உடுத்துக்கொண்டு கோயிலுக்குள்ள போயிருக்கலாம்தானே?”

மண்டபம் சிரித்தது. அவருக்குப் பக்கத்திலிருந்த பெண், “இல்லை, நாலு சீலை. கிழிக்கேக்க ஊதா மாதிரி ஒண்டு உடுத்திருந்தா,” என்று திருத்தினா. போனில் எடுத்த காட்சித் துண்டைத்தான் சொல்கிறா என்று எனக்கு மட்டும் தெரியும்.

சேர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, “அது புரொஜெக்டர் பிழை,” என்றேன். சேர் பாடத்துக்கு வைத்திருந்த இலங்கை வரைபடத்தை அதே புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார். கடல் நீலமாகவும் காடு பச்சையாகவும் இருந்தன. நான் மறுபடி கதிரையில் இருந்துவிட்டேன். அன்று வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். சிரித்தது பரவாயில்லை. அந்தக் கமக்காரர் படம் முழுவதையும் கவனமாகப் பார்த்திருந்தார். அவருக்கும் கதைக்கும் இடையில் நின்று கெடுத்தது நான்தான்.

இரண்டு நாள் கழித்து, தையல்கார அக்கா கடையைப் பூட்டிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு பேப்பர் பை. அதற்குள் கிழிந்த சேலையின் மிச்சப் பாதி.

“எத்தினை சீலையெண்டு ஊரே என்னைக் கேக்குது,” என்றா. “சந்தையில மீன் விக்கிறவனும் கேக்கிறான். நான் உடுத்தது ஒண்டுதான். இந்தா, பாருங்கோ. உங்கட பெட்டியில காட்டுங்கோ பாப்பம், எங்க பிழைச்சதெண்டு.”

கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தா. நான் காட்சிகளைப் போட்டேன். அவ சேலைத் துண்டைத் திரையின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்து, “இது கிட்ட... இது இல்லை... இது என்ன, ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி?” என்று சொல்லிக்கொண்டு வந்தா. நான் நானாவின் கமராவைக் குறை சொன்னேன். போனைக் குறை சொன்னேன். பின்னேர வெளிச்சத்தையும் கொஞ்சம் குறை சொன்னேன்.

ஆறேகால் போல இருக்கும். அக்கா திடீரென்று சேலையைத் தாழ்த்தினா.

“இப்ப என்ன செய்தனீங்கள்?”

“நான் ஒண்டும் செய்யேல்லையே.”

“முழுக்க மஞ்சளாய்ப் போச்சு. நீங்கள் கையே வைக்கேல்லை, திரை மஞ்சளாய்ப் போச்சு.”

“அது என்ர கண்ணில ஒரு கோளாறு அக்கா. பின்னேரத்தில அப்பிடித்தான்...” என்று தொடங்கினேன். பிறகுதான் உறைத்தது. கோளாறு என் கண்ணில் என்றால் அக்காவுக்கு எப்படித் தெரியும்?

ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன், இரவில் நித்திரை வரவில்லை என்று, பொழுதுபட்டதும் திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும் வசதியை என் கொம்பியூட்டரில் நானேதான் போட்டிருந்தேன். போட்டதை மறந்தும்விட்டேன். திரையில் தெரிவதை மட்டும்தான் அது மாற்றும், படத்தை மாற்றாது. ஆகவே வரைபடம் சொன்னது முழுக்க உண்மை. வேட்டியின் நீல அலை தென்னை உயரத்தில் நின்றது நான் ஏற்றிவிட்டதால்தான். அந்த வசதியை நிறுத்தியதும் திரை சட்டென்று வெளிறியது, என் முகத்தைப் போல.

“இதுக்கு நான் வவுனியாவுக்குப் போய்க் கண் காட்டினனான் அக்கா,” என்றேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தா.

அடுத்த நாள் எல்லாத் திருத்தங்களையும் அழித்துவிட்டுச் சைபரிலிருந்து தொடங்கினேன். திரைக்குப் பின்னாலிருந்த நீலச் சுவரில் சாம்பல்நிறக் காட்போட் மட்டைகளை ஒட்டினேன். யன்னலுக்குத் தடித்த துணி போட்டேன். கறுப்புச் சட்டை அலுமாரிக்குள் போனது.

லொக்கை விரிக்கும் அமைப்பை என் காட்சிகளுக்கு மட்டும் போட்டேன். நானாவுக்குப் போன் எடுத்து, எந்த அமைப்பில் எடுத்தார் என்று கேட்டு, அவர் கமராவுக்குரிய மாற்றத்தைத் தனியாகக் கொடுத்து, சிவப்பைத் தணித்தேன். போன் காட்சிகளுக்கு வேறு. மூன்றும் ஒரு பொது நிலைக்கு வந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் வேட்டியும் சேலையும் முகமும் ஒன்றாகத் தெரியும் ஒரு துண்டைத் தெரிந்தெடுத்து, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அளவுகோல், மறுபாதியில் திருத்தும் துண்டு. முதலில் வெளிச்சமும் இருளும், அதன்பின் வேட்டியின் மூன்று அலைகள், அதன்பின் தோல், கடைசியாகச் சேலை.

வேட்டியிலும் ஒரு பகிடி இருந்தது. எவ்வளவு சரியாக வைத்தாலும் நீல அலை ஒரு மயிரிழை மேலே நின்றது. நடித்தவரின் வீட்டில் வேட்டிக்கு நீலம் போட்டுத் தோய்த்திருந்தார்கள். நல்லகாலம், மூன்று கமராக்களின் முன்னும் அதே வேட்டிதான். சுத்த வெள்ளையா என்பதை விட்டுவிட்டு, மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

சேலைதான் ஆளைக் கொன்றது. பச்சையை மட்டும் தெரிவுசெய்து கொஞ்சம் திருப்பினால் சேலை சரியாக வந்தது, வாய்க்கால் கரைப் புல் முழுக்க மயில்கழுத்து நிறமாகியது. ஆகவே சேலையைச் சுற்றி வரம்பு வரைந்து, அக்கா அசையும் இடமெல்லாம் அந்த வரம்பையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மென்பொருள் தானாகப் பின்தொடரும் என்றார்கள். அவ தண்ணீருக்குள் குனிந்ததும் அது அவவை விட்டுவிட்டுப் புல்லைப் பின்தொடர்ந்தது. மிச்சத்தைக் கையால் நகர்த்தினேன். போன் தன் பாட்டில் நிறம் மாற்றிய நான்கு விநாடிகளுக்கு, மாறத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இடையில் பல இடங்களிலும் திருத்தப் புள்ளிகள் வைத்து, அது ஊதாவுக்குப் போகப் போக நான் பச்சைக்கு இழுத்து வந்தேன்.

எது செய்தும் ஒரு துண்டு மட்டும் திருந்தவில்லை. சேலை கிழியும் கணத்தில் அக்காவின் முகத்தைப் போன் மிக அருகில் எடுத்தது. நெற்றியும் ஒரு கன்னமும் வெளிச்சத்தில் வெந்து வெறும் வெள்ளை. பதியாத நிறத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. இருட்டினால் அந்த வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். சேரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டிச் சொன்னேன். படத்திலேயே அவருக்கு மிகப் பிடித்த துண்டு அது.

“அதை எடுக்கேலாது பிள்ளை,” என்றார். “அம்மா அப்பிடித்தான் பாத்திருப்பா எண்டு நினைச்சு நினைச்சு எடுத்தனான்.”

“அது வந்த உடனே ஆக்கள் முகத்தைப் பாக்கமாட்டினம் சேர். வேற படம் வந்திட்டுதோ எண்டு பாப்பினம்.”

“உம்மால ஏலாதெண்டு சொல்லுறீரா?”

முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னேன். “ஓம் சேர். என்னால ஏலாது. ஆராலையும் ஏலாது. ஆனா நான் முதல்லயே சரியாப் பாத்திருந்தால், அண்டைக்கே போனில வெளிச்சத்தைப் பூட்டச் சொல்லியிருப்பன். அது என்ர பிழைதான்.”

அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு நானாவின் கோணத்தை ஓட்டச் சொன்னார். அதில் முகம் பக்கவாட்டில் பாதிதான் தெரியும். கைகள் நன்றாகத் தெரியும். இழுக்கும்போது விரல் மூட்டுகள் வெளுப்பது தெரியும். சேர் மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

“அம்மாவின்ர கை,” என்றார். “இதைப் போடுவம்.”

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் இளஞ்சூடும், நிறங்களில் கொஞ்சம் தணிவும் கொடுத்தேன். போன் துண்டுகளின் கூர்மையைச் சற்று மழுக்கினேன். மண்ணிறப் பூச்சு இல்லை.

மறுபடியும் அதே மண்டபம், அதே கறுப்புத் துணி. இம்முறை நானாவும் வந்திருந்தார், மனைவியோடு. நான் பின்னால் சுவரோடு நின்றேன். சேலை கிழிந்தபோது நடுவரிசையில் ஒரு வயதான பெண், “ஐயோ, இருந்த ஒண்டையும்...” என்று வாய்விட்டுச் சொன்னா. தையல்கார அக்கா தன் முகத்தைத் தானே திரையில் பார்த்து அழுதுகொண்டிருந்தா.

முடிந்ததும் நான் மெல்ல முன்னுக்கு வந்து நின்றேன். யாராவது நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் அடக்கமாக மறுப்பதற்கு ஆயத்தமாக இருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கதையெல்லாம் வாய்க்காலைப் பற்றி. உடைத்தது இடது கரை வாய்க்கால் என்று ஒரு பகுதி, இல்லை, தன் தகப்பனின் காணிக்குப் பக்கத்து வாய்க்கால்தான் என்று இன்னொருவர். துணிப்பொதி நிற்காது, வைக்கோலும் கம்பும் போட்டிருக்க வேண்டும் என்று மூன்றாமவர். சேர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

நானா என் அருகில் வந்தார். “தங்கச்சி, எது என்ட கமராவில எடுத்ததெண்டு எனக்கே தெரியல்ல,” என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். கலியாணச் சிவப்பு போய்விட்டதே என்று.

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. யன்னல் துணிகளை அவிழ்த்துவிட்டு வடை இருந்த மேசைப் பக்கம் போனபோது, கமக்காரர்கள் பத்துப் பேர் வாய்க்கால் தகராற்றைத் தீர்ப்பதற்காக இடத்தையே பார்க்கவென்று சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.